கடிதத்தின் கடைசி ஐந்து வரிகள்

டொச்சுக் கடிதத்தில் நடுப்பகுதியை மொழிபெயர்க்கிறது அவ்வளவு கஷ்டமில்லை. சாமான், விலை, எண்ணிக்கை, திகதி எல்லாம் எந்த மொழியிலும் ஒன்றுதான். கை தடுமாறுவது கடைசி ஐந்து வரிகளில்தான். அந்த வரிகள் மரியாதைக்காக எழுதப்பட்டவை மாதிரித் தெரியும். ஆனால் வியாபாரக் கடிதத்தில் கெடுவும், எச்சரிக்கையும், யாரோடு பேசவேண்டும் என்பதும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

போன மாதம் ஒரு தங்கச்சி இப்படி ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பியிருந்தா. இங்கேயே பிறந்து வளர்ந்தவ, இரண்டு பிள்ளைகளின் தாய். அவவின் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் பனையோலைக் கூடை செய்யும் ஒரு சிறிய சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே ஒரு மொத்த வியாபாரக் கொம்பனி அந்தக் கூடைகளை வாங்குகிறது. டொச்சு தெரிஞ்ச ஆள் எண்டு அவவையே தொடர்பாளராகப் போட்டிருக்கினம். கடிதத்தின் முடிவு இதுதான். உச்சரிப்பைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் வாசித்த உடனே பிடித்துவிடுவீர்கள்:

"பிட்ட பெஸ்டேற்றிகன் ஸீ உன்ஸ் டென் நொயன் லீஃபர்டெர்மீன் பிஸ் ஷ்பேற்றஸ்டன்ஸ் ஃப்ரைடாக், டென் 14. யூனி. ஸொல்ட்டன் வியர் பிஸ் டாஹின் நிக்ட்ஸ் ஃபொன் ஈனன் ஹோரன், கேயன் வியர் டஃபொன் அவுஸ், டஸ் ஸீ மிட் டேர் ஷ்டோர்னியெருங் ஐன்ஃபெர்ஸ்டாண்டன் ஸிண்ட். ஃபூர் ரூக்ஃப்ராகன் ஷ்டேஹ இஷ் ஈனன் கேர்ன ட்ஸூர் ஃபெர்ஃபூகுங். ஃபீலன் டாங்க் இம் ஃபொராவுஸ். மிட் ஃப்ரொயண்ட்லிஷன் க்ரூசன், இ. ஆ."

அவ எழுதியிருந்த தமிழ் இது: "14ஆம் திகதி வரை புதிய நாளை உறுதிப்படுத்துங்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்காவிட்டால் நிறுத்துவது உங்களுக்குச் சரி என்று நினைப்போம் போல. கேள்விகளுக்கு நான் உங்கள் வசம் நிற்கிறேன். முன்கூட்டியே பல நன்றிகள். நட்பான வாழ்த்துக்களுடன்."

ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரிதான். ஆனால் சித்தப்பா இதை வாசித்தால் கொம்பனிக்காரர் நல்ல சிநேகிதர், அவசரம் ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார். ஓடர் கைவிட்டுப் போகிற கதை அவருக்கு எட்டவே எட்டாது.

முதலில் அந்த "பிஸ்". டொச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. "பிஸ் ஃப்ரைடாக் கெஓஃப்னெட்" என்றால் வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும். அங்கே "வரை" பொருந்தும். ஆனால் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கச் சொல்லும் இடத்தில் அது கெடு. தமிழில் "வரை" என்பது தொடர்ந்து நடக்கிற ஒன்றுக்குத்தான் வரும். "வெள்ளி வரை உறுதிப்படுத்துங்கள்" என்றால் தினமும் உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும் போல ஒரு பொருள் வருகிறது. "வெள்ளிக்கிழமைக்கு முன்" என்று மாற்றினால் வெள்ளிக்கிழமையே விலகிப்போகும். டொச்சில் அந்த வெள்ளி கெடுவுக்குள் அடக்கம். எங்கட ஊர் அலுவலகக் கடிதங்களில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: "யூன் 14 வெள்ளிக்கிழமையன்றோ அதற்கு முன்னரோ". கொஞ்சம் நீளம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. "ஷ்பேற்றஸ்டன்ஸ்" என்ற சொல்லின் அழுத்தமும் அதற்குள் வந்துவிடும், தனியாக மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அடுத்தது "ஸொல்ட்டன்". இங்கே படித்த பிள்ளைகளுக்கு இது "ஸொல்லன்" என்ற "வேண்டும்" மாதிரித் தோன்றும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும்போது அது வெறும் "ஆல்" விகுதி. "ஒருவேளை பதில் கிடைக்காவிட்டால்" என்பதுதான் பொருள். டொச்சுக்காரர் நேரடியாக "வென்" என்று தொடங்காமல் இப்படித் தொடங்குவது ஒரு நாகரிகம். நாகரிகம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. பின்னால் வருகிற செய்தி இரும்பு மாதிரி: பதில் இல்லையென்றால் ரத்துக்கு நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

ஜேர்மன் சட்டத்தில் பொதுவாக மௌனம் சம்மதமாகாது. ஆனால் வியாபாரிகளுக்கு இடையில் அதற்கு விதிவிலக்குகள் உண்டு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அந்த வழக்கைத் தீர்ப்பது மொழிபெயர்க்கிறவரின் வேலை இல்லை. அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்பதை மழுப்பாமல் சொல்வதுதான் வேலை. "நினைப்போம் போல" என்ற இழுவைக்கு இங்கே இடமில்லை. எங்கட ஆக்களுக்குப் பதில் போடாமல் இருப்பது "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்ற அர்த்தம். அதனால் தமிழில் இந்த வரி தெளிவாக இருக்கவேண்டியது இன்னும் அவசியம். "பதில் கிடைக்காதவிடத்து, ரத்துச் செய்வதற்குத் தாங்கள் உடன்படுகின்றீர்கள் எனக் கருதுவோம்." மரியாதை "தாங்கள்" என்பதில் இருக்கிறது, கண்டிப்பு "கருதுவோம்" என்பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டை பிடிக்காமல் நிற்கும்.

தமிழில் மரியாதைக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லவேண்டும். "உறுதிப்படுத்துங்கள்" என்று மட்டும் எழுதினால் அது வீட்டுக்காரர் பேசுவது போல இருக்கும். "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்" என்றால் அது மனு, அரச அதிபருக்கு எழுதுவது. வாங்குகிற கொம்பனி விற்கிறவரிடம் மனுப் போடாது. நடுவில் நிற்பது "அறியத்தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்". டொச்சில் "பிட்ட" என்ற ஒரு சொல் செய்வதை, தமிழில் "மாறு கேட்டுக்கொள்கின்றோம்" என்ற வால் செய்கிறது. அந்த வால் வந்துவிட்டால் "தயவுசெய்து" கூடத் தேவையில்லை.

"வியர்" என்பதையும் கவனியுங்கள். கொம்பனி தன்னை மட்டும்தான் சொல்கிறது. "நமக்கு அறியத்தாருங்கள்" என்று எழுதினால் சித்தப்பாவும் அதில் சேர்ந்துவிடுவார், அவரே அவருக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும். "எமக்கு" அல்லது "எங்களுக்கு" என்று எழுதுங்கள்.

"ஃபூர் ரூக்ஃப்ராகன்" வரி டொச்சில் அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். "வசம் நிற்கிறேன்" என்றால் தமிழில் அடிமைச் சேவகம் போலக் கேட்கும். "ரூக்ஃப்ராக" என்றால் ஏதோ ஒரு கேள்வி இல்லை, இந்தக் கடிதத்தில் விளங்காததைத் திருப்பிக் கேட்பது. ஆகவே "இதுதொடர்பாக விளக்கம் தேவைப்படின் என்னுடன் தொடர்புகொள்ளலாம்" என்பது போதும். ஒரு சின்ன விசயம்: மேலே எல்லாம் "வியர்", இந்த வரியில் மட்டும் "இஷ்". கதைக்கவேண்டிய ஆள் இவர்தான் என்று அது காட்டுகிறது. அதை "எங்களுடன்" என்று மாற்றினால் சித்தப்பா கொம்பனியின் பொது இலக்கத்துக்கு அடித்து, யாரோடு பேசுவது என்று தெரியாமல் நிற்பார்.

"ஃபீலன் டாங்க் இம் ஃபொராவுஸ்" என்பதை டொச்சுக்காரரிலேயே சிலர் விரும்புவதில்லை. நீங்கள் செய்வீர்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிற மாதிரி இருக்கிறதாம். தமிழில் "முன்கூட்டிய நன்றி" என்பது இன்னும் விசித்திரம். நன்றி வேலை முடிந்தபிறகு சொல்கிற சொல். இங்கே "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்பது அதே வேலையைச் செய்யும், ஏனென்றால் ஒத்துழைப்பு இனித்தான் வரப்போகிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

கடைசியாக "மிட் ஃப்ரொயண்ட்லிஷன் க்ரூசன்". இதில் நட்பும் இல்லை, வாழ்த்தும் இல்லை. வரி விதிக்கிற காரியாலயமும் இதைத்தான் போடுகிறது. சுவிஸில் இருப்பவர்களுக்கு "ஃப்ரொயண்ட்லிஷ க்ரூச" என்று வரும், பொருள் ஒன்றே. தமிழில் "நட்பான வாழ்த்துக்கள்" என்றால் கலியாண அட்டை ஞாபகம் வரும். "அன்புடன்" குடும்பத்துக்கு. இந்த இடத்தில் "இங்ஙனம்" அல்லது "இப்படிக்கு" போதும்.

அதன் கீழே உள்ள "இ. ஆ." என்ற இரண்டு எழுத்தைத் தங்கச்சி விட்டுவிட்டா. "இம் அவுஃப்ட்ராக்" என்பதன் சுருக்கம் அது. பிறர் சொல்லி எழுதுகிறேன் என்று பொருள். "இ. ஃபவ்" என்று இருந்தால் ஓரளவு அதிகாரம் கொடுக்கப்பட்டவர். "பே. பே. ஆ." என்றால் "ப்ரொகூரா" உள்ளவர், கொம்பனியின் பெயரில் பெரிய முடிவுகளை எடுக்கக்கூடியவர். தமிழில் "கொள்வனவுப் பிரிவு சார்பாக" என்று எழுதினால் சித்தப்பாவுக்கு ஒரு விசயம் விளங்கும்: திகதி பற்றி இவரோடு கதைக்கலாம், ஆனால் விலையை மாற்றிக் கேட்பதென்றால் இவருக்கு மேலே ஒருவர் இருப்பார்.

எல்லாம் சேர்த்தால் இப்படி வரும்:

"புதிய விநியோகத் திகதியை எதிர்வரும் யூன் 14 வெள்ளிக்கிழமையன்றோ அதற்கு முன்னரோ எமக்கு உறுதிப்படுத்தி அறியத்தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். அதற்குள் தங்களிடமிருந்து பதில் எதுவும் கிடைக்காதவிடத்து, இக்கொள்வனவுக் கட்டளையை ரத்துச் செய்வதற்குத் தாங்கள் உடன்படுகின்றீர்கள் எனக் கருதுவோம். இதுதொடர்பாக விளக்கம் தேவைப்படின் என்னுடன் தொடர்புகொள்ளலாம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.
இங்ஙனம்,
கொள்வனவுப் பிரிவு சார்பாக"

தங்கச்சிக்கு ஒரு தயக்கம் இருந்தது. "சித்தப்பாவுக்கு நான் எப்படி அக்கா இவ்வளவு கறாரா எழுதுறது?" நியாயமான கேள்வி. ஆனால் எழுதுவது அவ இல்லை, கொம்பனி. இரண்டு குரலையும் ஒரே தாளில் கலந்தால்தான் பிரச்சினை. கொம்பனியின் வரிகளை அப்படியே விட்டுவிட்டு, மேலே அவவின் சொந்தக் குரலில் தனியாக எழுதச் சொன்னேன்: "சித்தப்பா, கீழ இருக்கிறது அவையள் எழுதினது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் போடாட்டி ஓடரை நிப்பாட்டிப் போடுவினம். திகதி சரிவராட்டியும் பரவாயில்லை, அதையாவது எழுதுங்கோ." பாசம் மேலே, கறார் கீழே.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. டொச்சு தெரியாத ஒருவரிடம், அம்மாவிடமோ மாமியிடமோ, தமிழ் வரிகளை மட்டும் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன செய்யச் சொல்லியிருக்கு? எப்பவுக்குள்ள? செய்யாட்டி என்ன நடக்கும்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அனுப்பலாம். "நல்ல மரியாதையா எழுதியிருக்கினம்" என்று மட்டும் சொன்னால் இரண்டாவது வரியை இன்னொருமுறை எழுதவேண்டும்.