துடைத்தாலும் போகாத பூட்டு

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். திரையில் கோடு விழுகிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா. பார்க்காமல் விடுவது நான்காவது விஷயத்தை: அந்த இயந்திரத்தைப் பழைய கம்பெனி இன்னும் தன் கணக்கில் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால், விண்டோஸை எத்தனை முறை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் பூட்டு போகாது.

புனேயின் கோர்படி, ரயில்வே யார்டும் ராணுவக் குடியிருப்புகளும் சூழ்ந்த பழைய பகுதி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மகர்பட்டாவிலும் கராடியிலும் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் பெரிய வளாகங்கள் இருக்கின்றன. இதுபோன்ற நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய லேப்டாப்களை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவை கை மாறிக் கை மாறிக் கடைகளுக்கு வருகின்றன. டெல் லாட்டிட்யூட், ஹெச்.பி. எலைட்புக், லெனோவா திங்க்பேட் போன்றவை அலுவலக உபயோகத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட உறுதியான இயந்திரங்கள். அதனால்தான் பழைய லேப்டாப் சந்தையில் இவற்றுக்கு மதிப்பு. பூட்டு இருக்க வாய்ப்பு அதிகமுள்ளவையும் இவையே.

பூட்டு எங்கே இருக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. அது ஹார்ட் டிஸ்கில் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2017-ல் 'விண்டோஸ் ஆட்டோபைலட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி ஆயிரம் லேப்டாப் வாங்கினால், ஒவ்வொன்றின் சீரியல் எண், மதர்போர்டு விவரம் முதலியவற்றைச் சேர்த்து உருவாகும் ஒரு கைரேகை, மைக்ரோசாஃப்டின் சர்வரில் அந்தக் கம்பெனியின் பெயரில் பதிவாகிறது. ஊழியர் பெட்டியைப் பிரித்து இன்டர்நெட்டில் இணைத்ததும் லேப்டாப் சர்வரிடம், "நான் யாருடையது?" என்று கேட்கிறது. பதில் வந்ததும் கம்பெனியின் பெயரைக் காட்டி, அலுவலக இமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்கிறது. திருடுபோனாலும் திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பலன்.

லேப்டாப்பைக் கழிக்கும்போது கம்பெனி இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். டிஸ்கில் உள்ள தகவல்களை அழிப்பது ஒன்று. சர்வரில் உள்ள பதிவை நீக்குவது மற்றொன்று. முதல் வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள், அதனால் அது நடக்கிறது. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை, அதனால் விட்டுப்போகிறது. கடைக்கு வரும் பூட்டிய லேப்டாப் எல்லாம் திருட்டுப் பொருள் அல்ல. பதிவேட்டில் அடிக்கப்படாத ஒரு வரியும் காரணமாக இருக்கலாம். வாங்கியவருக்கு இரண்டிலும் கஷ்டம் ஒன்றுதான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோர்படியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், கல்லூரியில் சேரும் மகளுக்காக 24,000 ரூபாய்க்கு ஒரு பழைய திங்க்பேட் வாங்குகிறது. கடையில் போட்டுக் காட்டுகிறார்கள், விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. வீட்டிலும் ஏழெட்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு வேகம் குறைகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று மகள் ரீசெட் செய்கிறாள். வைஃபையில் இணைத்த அடுத்த நிமிடம், கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வந்து வரவேற்கிறது. அலுவலக இமெயில் இல்லாமல் அதைத் தாண்ட முடியவில்லை.

ஏழெட்டு மாதம் ஏன் தெரியவில்லை? ஏனென்றால் லேப்டாப் அந்தக் கேள்வியை எப்போதும் கேட்பதில்லை. புதிதாக விண்டோஸ் போட்டு, முதன்முதலாக அமைக்கும்போது மட்டுமே கேட்கிறது. விற்பவர் இன்டர்நெட் இல்லாமல் அமைத்துவிட்டால் அந்தக் கட்டம் தாண்டிப்போகிறது. அதன்பின் இன்டர்நெட்டில் இணைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே "பாருங்கள், நன்றாக ஓடுகிறதே" என்று கடைக்காரர் காட்டுவது இந்த விஷயத்தில் எந்தச் சாட்சியும் ஆகாது. ஹார்ட் டிஸ்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லும் மெக்கானிக்கின் யோசனையும் பலிக்காது, ஏனென்றால் பூட்டு அதில் இல்லை. இன்டர்நெட் இல்லாமல் மறுபடி அமைத்துத் தருவதாகச் சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் வாங்குபவர், அடுத்த ரீசெட் வரை பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான்.

மொபைல் போனுக்கு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபார்க்கலாம். லேப்டாப்புக்கு அப்படிப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு இல்லை. சீரியல் எண்ணைக் கொடுத்து, எந்தக் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வெளியார் கேட்க வழியில்லை. எனவே லேப்டாப்பையே கேட்க வைக்க வேண்டும், அதுவும் பணம் கொடுப்பதற்கு முன்.

முதலில் இரண்டு நிமிடச் சோதனை. விண்டோஸின் Settings-ல் Accounts, அதற்குள் Access work or school என்ற இடத்தில் ஏதாவது கம்பெனிக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடிக்கலாம்:

```
dsregcmd /status
```

AzureAdJoined என்ற வரியில் YES என்று வந்தால் லேப்டாப் இந்த நிமிடமும் ஒரு கம்பெனியுடன் இணைந்திருக்கிறது. TenantName என்ற வரி கம்பெனியின் பெயரையே காட்டிவிடும். கம்பெனி தூரத்திலிருந்தே அதிலுள்ளதை அழித்துவிடவும் கூடும். இதை வாங்கவே கூடாது. ஆனால் NO என்று வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டியதில்லை. மேலே சொன்ன திங்க்பேடும் கடையில் NO என்றுதான் காட்டியிருக்கும்.

உண்மையான சோதனை ரீசெட்தான். அதற்குமுன் Settings-ல் System, About என்ற இடத்தில் விண்டோஸின் பதிப்பைப் பார்க்க வேண்டும். அது Pro-வாக இருக்க வேண்டும். Home பதிப்பில் ஆட்டோபைலட் கிடையாது. அதனால் கம்பெனி வகை லேப்டாப்பில் Home பதிப்பு இருந்தால் சோதனை எதையும் நிரூபிக்காது. Pro போட்டுத் தரச் சொல்லி, பிறகு சோதிக்க வேண்டும். பதிப்பு சரியாக இருந்தால் System, Recovery, Reset this PC என்று போய், Remove everything என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்து Local reinstall என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல ஜி.பி. டவுன்லோடு மிச்சமாகும். இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கடைக்காரர் தயங்கினால் சிறிய முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மேல்.

ரீசெட் முடிந்ததும் நாடு, கீபோர்டு ஆகியவற்றைக் கேட்டபின் நெட்வொர்க் கேட்கும். இங்கே கடையின் வைஃபையை விட்டுவிட்டு, வாங்குபவர் தன் மொபைலின் ஹாட்ஸ்பாட்டில் இணைக்க வேண்டும். நடுவில் எதுவும் தடுக்கப்படவில்லை என்று நம்ப இதுவே வழி. அடுத்து வரும் திரைதான் தீர்ப்பு. கம்பெனியின் பெயரோ சின்னமோ வந்து அலுவலக இமெயில் கேட்டால், பூட்டு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கா, அலுவலகத்துக்கா என்று விண்டோஸ் உங்களிடமே தேர்வை விட்டால், இப்போதைக்கு யாரும் உரிமை கோரவில்லை என்று பொருள்.

'இப்போதைக்கு' என்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனியின் பதிவில் லேப்டாப் இருந்தும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைத் தொகுப்பு ஒதுக்கப்படாமல் இருக்கலாம். அப்போது சோதனையில் எதுவும் தெரியாது. பிற்பாடு கம்பெனி அதை ஒதுக்கினால், அடுத்த ரீசெட்டில் பூட்டு விழும். இது அபூர்வம்தான், ஆனாலும் ரீசெட்டால் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு மருந்து காகிதம்தான்: சீரியல் எண் எழுதிய பில், அதில் "கம்பெனிப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது, பின்னர் பூட்டு தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி. பில்லில் எழுதும் எண் லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். பவர்ஷெல்லில் இதை அடித்தால் அது வரும்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் மதர்போர்டையோ அடிப்பகுதியையோ மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

ஆப்பிள் மேக்புக்கிலும் இதே தத்துவம்தான். அங்கே சீரியல் எண்ணை வைத்து கம்பெனியின் பெயரில் பதிவு இருக்கும். ஆனால் மேக்கில் அழிக்காமலே கேட்டுப் பார்க்க முடியும் என்பது வசதி. இன்டர்நெட்டில் இணைத்து, டெர்மினலில்:

```
sudo profiles show -type enrollment
```

கம்பெனியின் பெயருடன் ஒரு பட்டியல் வந்தால் பூட்டு உண்டு. Client is not DEP enabled என்று வந்தால் இல்லை. இதற்கு அட்மின் பாஸ்வேர்டு தேவை. அதை விற்பவர் அடித்துக் காட்டட்டும். முந்தைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கால் விழும் ஆக்டிவேஷன் லாக் வேறு விஷயம். அதற்குத் தனியாக, முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்துப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வது? பதிவை நீக்கும் அதிகாரம் வாங்கியவருக்கும் இல்லை, மெக்கானிக்குக்கும் இல்லை. திரையில் தெரியும் கம்பெனியின் ஐ.டி. பிரிவுக்கு சீரியல் எண், பில்லின் நகல், திரையின் படம் ஆகியவற்றுடன் எழுதி, ஆட்டோபைலட் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்க வேண்டும். முறையாகக் கழிக்கப்பட்ட லேப்டாப் என்றால் அவர்களுக்கு இது சில நிமிட வேலை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, ஆயிரமும் அதற்கு மேலும் மின் சாதனங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவுபெற்ற நிறுவனங்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதனால் எந்த லேப்டாப் எப்படி வெளியே போனது என்பதற்கு அவர்களிடமும் காகிதம் இருக்க வேண்டும்.

"அது தொலைந்துபோன லேப்டாப்" என்று கம்பெனி பதில் எழுதினால் நிலைமை வேறு. தெரிந்த பிறகும் வைத்துக்கொண்டால், திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு பொருந்தலாம். அப்போது வாங்கியவரின் நேர்மைக்குச் சாட்சியாக நிற்கப்போவது கடைக்காரர் கொடுத்த பில்தான். பில் தர மறுக்கும் கடையில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்பது லாபமே அல்ல.