கதைக்குள் காலம் பிறழும்போது: சில வினாக்களும் விடைகளும்

வினா: இறந்தகாலத்தில் தொடங்கிய கதை நடுவில் நிகழ்காலத்துக்கு மாறுவது இலக்கணப் பிழையா?

விடை: மாறுவது மட்டுமே பிழையாகாது. ஒரு காலத்துக்குரிய வினை வேறொரு காலத்தில் வருவதைத் தமிழ் இலக்கணிகள் கால மயக்கம் என்று அழைத்ததோடு, தக்க காரணம் இருக்குமிடத்தில் அதை வழுவமைதியாக, அதாவது பிழைபோலத் தோன்றினும் ஏற்கத்தக்கதாக, வைத்தனர். தொல்காப்பியம் வினையியலில் தொடங்கிய இந்த ஆய்வைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு காரணங்களாகச் சுருக்கினார். உண்டுகொண்டிருப்பவன், அழைக்கும் தோழனுக்கு எழுவதற்கு முன்பே ‘வந்தேன்’ என்று விடை தருவது விரைவு. எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறக் கண்டவர், பெய்யப்போகும் மழையைப் ‘பெய்தது’ என்று சொல்வது தெளிவு. இவ்விரண்டிலும் காலம் மாறியது கடிகாரத்தை ஒட்டியன்று, சொல்பவரின் மனநிலையை ஒட்டியே என்பதைக் கவனித்தால், கதாசிரியருக்கு வேண்டிய அளவுகோல் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

வினா: அப்படியானால் இதழுக்கு வரும் கதைகளில் இது பெரும்பாலும் குறையாகவே தென்படுவது ஏன்?

விடை: எழுதியவருக்கே தெரியாமல் அது நிகழ்ந்துவிடுவதால். வாய்மொழியில் கதை சொல்பவர் ‘நேத்து ஷிஃப்ட்டுக்குப் போறேன், பார்த்தா கேட்டு பூட்டியிருக்கு’ என்று நேற்றைய செய்தியை நிகழ்காலத்தில் சொல்வது இயல்பு. குரலும் கையசைவும் துணை நிற்பதால் கேட்பவர் குழம்புவதில்லை. அந்தப் பழக்கம் துணைகளை விட்டுவிட்டுத் தாளுக்கு வரும்போது மாற்றம் மட்டும் எஞ்சுகிறது. திரைக்கதை நிகழ்காலத்தில் எழுதப்படும் வடிவம் என்பதால், காட்சியைத் திரையில் ஓடுவதாகக் கற்பனை செய்துகொண்டு எழுதுபவரின் வினைகளும் அந்தப் பக்கமாகச் சாய்கின்றன. பல நாள் இடைவெளி விட்டு எழுதிய பகுதிகளை ஒட்டும்போது காலம் பொருந்தாமல் போவதும் உண்டு. இது மிகச் சாதாரணமான காரணம், ஒருமுறை உரக்கப் படித்தால் அகன்றுவிடும்.

வினா: ஏற்கத்தக்க மாற்றம் எப்படி இருக்கும்?

விடை: புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934, மணிக்கொடி) இதற்குத் தக்க சான்று. சந்தின் வருணனை நிகழ்காலத்தில் அமைய, அம்மாளுவின் கணவனுடைய ஜட்கா விபத்து இறந்தகாலத்தில் ஓடி முடிகிறது. அவள் ஒருவனோடு இருளுக்குள் செல்லும் ஒரே கணம் மீண்டும் நிகழ்காலத்தில் நிற்க, அடுத்த வாக்கியமே அவள் ஈட்டிய தொகையை முடிந்துபோன செயலாகச் சொல்லிவிடுகிறது. நிகழ்காலம் வாசகரைச் சந்தின் முனையில் சாட்சியாக நிறுத்த, அதைத் தொடரும் இறந்தகாலம் கணக்கேட்டில் வரவு எழுதி மூடுவதுபோல் விழுவதால், நடுவில் நடந்ததை ஆசிரியர் வருணிக்க வேண்டிய தேவையே எழவில்லை. முழுக்க நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் இந்த வெட்டு கிடைத்திருக்காது. பேச்சுக் கதைகளை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலாளர் நெஸ்ஸா வுல்ஃப்சன் 1979இல் எழுதிய கட்டுரையில், பொருள் தருவது நிகழ்காலம் அன்று, ஒரு காலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் செயலே என்று வாதிட்டதும் இதையே சுட்டுகிறது.

இனி ஒரு மாதிரிப் பத்தியைப் பார்க்கலாம். கணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் எழுதப்படும் தோல் தொழிற்சாலைக் கதையொன்று இவ்வாறு செல்வதாகக் கொள்வோம்: ‘மாரி சுண்ணாம்புத் தொட்டியருகே போனான். நெடி மூக்கில் ஏறியது. கம்பியால் தோலைத் தூக்குகிறான். கனமாக இருந்தது. மேஸ்திரி கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கிறான்.’ இங்கே தூக்குவதற்கும் திரும்புவதற்கும் தனிச் சிறப்பு எதுவும் இல்லாததால், நிகழ்காலம் வந்த இரண்டு இடங்களிலும் வாசகர் காரணம் தேடி ஏமாறுகிறார். அதே பத்தி வேறு விதமாகவும் அமையலாம்: ‘மாரி தொட்டியருகே போனான். கம்பியால் தோலைத் தூக்கினான். மேஸ்திரி கூப்பிட்டார், திரும்பியவனுக்குக் கால் வழுக்கியது. தொட்டியின் விளிம்பு நகர்கிறது. கை எதையோ தேடுகிறது. ஈரத் தோலின் ஓரம் விரலில் சிக்கி நழுவுகிறது. மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.’ மாற்றம் ஒரே இடத்தில் தொடங்கித் தொடர்ச்சியாக நின்று, இன்னொருவரின் கை உள்ளே வரும் இடத்தில் முடிகிறது. விழுபவனுக்கு நேரம் நீள்வது வினைமுற்றுகளிலேயே தெரிகிறது. இத்தகைய பத்தியைச் சோதிக்க, நிகழ்கால வினைகளை எல்லாம் இறந்தகாலமாக்கிப் படித்து, எதுவும் குறையவில்லை என்றால் மாற்றத்தை நீக்கிவிடலாம். கூடவே காலப் பெயர்களையும் பார்க்க வேண்டும்: ‘அன்று’, ‘மறுநாள்’ என்பவை இறந்தகாலக் கதைசொல்லலுக்கு உரியவை, வினையை மட்டும் நிகழ்காலமாக்கிவிட்டு ‘அப்போது’ என்பதை அப்படியே விட்டால், வாசகர் தொட்டியருகிலும் தொலைவிலும் ஒரே நேரத்தில் நிற்க நேரும்.

வினா: மாற்றம்போலத் தோன்றி, உண்மையில் மாற்றம் அல்லாதவை உண்டா?

விடை: உண்டு, பிழைதிருத்துபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘தாத்தா தினமும் விடியலில் ஆவாரம்பட்டை இடிக்கப் போவார்’ என்னும் வாக்கியத்தில் எதிர்கால வடிவம் கடந்தகால வழக்கத்தைக் குறிக்கிறது; பவணந்தி ‘இயல்பு’ என்றதில் அடங்கும் இதனைப் ‘போனார்’ என்று திருத்தினால் பல்லாண்டு வழக்கம் ஒருநாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும். ‘அவன் வரும்போது மழை பெய்தது’ என்பதில் காலத்தை முடிவு செய்வது இறுதி வினைமுற்றே. ‘வரும்’ என்பது இரண்டு செயலும் ஒருங்கே நடந்ததை மட்டும் காட்டுகிறது. ‘மழை பெய்கிறது என்று தெரிந்தது’ என்பதும் அத்தகையதே: ‘என்று’ என்னும் சொல்லுக்கு முன் வருவது அறிந்தவரின் அந்தக் கணத்துக்குரிய காலம். ஆங்கில வாக்கிய வழக்கத்தைப் பின்பற்றும் மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் ‘பெய்துகொண்டிருந்தது என்று’ ஆக்கும்போது, தமிழில் மழை ஒருவேளை நின்றுவிட்டதோ என்னும் ஐயம் புகுந்துவிடுகிறது.

வினா: இறந்தகாலக் கதையில் ஊரை நிகழ்காலத்தில் வருணிக்கலாமா?

விடை: என்றும் உள்ள பொருளை நிகழ்காலத்தில் சொல்லத் தொல்காப்பியமே இடம் தருகிறது. மலை நிற்பது, ஞாயிறு இயங்குவது, ஆறு ஒழுகுவது ஆகியவை உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஆகவே, கணியம்பாடி வேலூருக்குத் தெற்கே இருக்கிறது என்று எந்தக் காலத்துக் கதையிலும் எழுதலாம். ஆனால் பாலாற்றங்கரையில் கதை எழுதுபவர் மூன்றாவது எடுத்துக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மணலும் சீமைக்கருவேலமும் பரந்து கிடக்கும் அந்தப் படுகையைப் பற்றி ‘ஆறு ஓடியது’ என்று எழுதுவதா, ‘ஓடுகிறது’ என்று எழுதுவதா என்பது, கதை எந்த ஆண்டில், எந்த மாதத்தில் நடக்கிறது என்று தெரிந்த பிறகே முடிவு செய்யத்தக்கது.