நடுவில் வைத்தே பழகிய மின்னூட்டம்

புனே – நாசிக் சாலையில் அமைந்த போசரித் தொழிற்பேட்டையில் தகட்டுப் பெட்டிகளுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகள் பல உண்டு. தெளிப்புத் துப்பாக்கியின் முனையில் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் இருக்கும். பெட்டி தரையுடன் இணைக்கப்பட்டிருக்கும். மின்னேற்றம் பெற்ற பவுடர் பெட்டியின் வெளிப்புறத்திலும் விளிம்புகளிலும் தடிப்பாகப் படியும். உள்மூலைகளோ வெறுமையாகவே நிற்கும். அழுத்தத்தை உயர்த்தினால் உள்ளே போகும் என்று நினைத்தால் நிலைமை மேலும் மோசமாகும். குறைத்தால்தான் சற்றுத் தேறும். இதனை அத்தொழிலில் ‘ஃபாரடே கூண்டு விளைவு’ என்றே சொல்கிறார்கள். வெளியே உள்ள மின்னூட்டத்தின் புலம் உலோகக் குழிக்குள் நுழைவதில்லை என்பது அங்கே கைகளுக்குத் தெரிந்த உண்மை.

இதன் மறுபக்கம்தான் வகுப்பறைகளில் சரியாகப் புரிந்துகொள்ளப்படாமல் கிடக்கிறது. மின்னூட்டம் குழிக்குள் இருந்தால் வெளியே என்ன தெரியும்? நடுநிலையான உலோகக் கோளக் கூடு ஒன்று. அதன் குழிக்குள் ஒரு புள்ளி மின்துகள். உட்பரப்பில் −q, வெளிப்பரப்பில் +q என்று மாணவர் தயங்காமல் எழுதுவார். மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் மின்துகளை மையத்திலிருந்து சற்றே நகர்த்தி, வெளிப்பரப்பில் எந்தப் பக்கம் மின்னூட்டம் மிகுதி என்று கேட்டால், துகள் நகர்ந்த பக்கம்தான் என்று சொல்லவே மனம் தூண்டும். அது தவறு. வெளிப்பரப்பில் எதுவுமே மாறுவதில்லை.

இத்தவற்றுக்குப் பொறுப்பு மாணவரல்லர். மின்துகளை எப்போதும் மையத்திலேயே வரைந்து காட்டும் பழக்கம். மையத்தில் வைத்த படத்தில் உட்பரப்பும் சீராக இருக்கிறது, வெளிப்பரப்பும் சீராக இருக்கிறது. இரண்டு சீர்மைகளுக்கும் காரணம் வேறு வேறு என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது.

எண்களை வைத்துப் பார்க்கலாம். குழியின் ஆரம் 10 செ.மீ., கூட்டின் வெளி ஆரம் 12 செ.மீ., மின்துகள் 1 நானோகூலும், அது மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. உலோகத்துக்குள் மின்புலம் சுழி. ஆகவே உலோகத்தின் ஊடாகக் குழியைச் சுற்றி ஒரு மூடிய பரப்பைக் கற்பனை செய்தால், காஸ் விதிப்படி அதனுள் நிகர மின்னூட்டம் சுழியாக வேண்டும். உட்பரப்பில் −1 நானோகூலும். கூடு நடுநிலையானது, எனவே வெளிப்பரப்பில் +1 நானோகூலும். இவ்வளவுதான் காஸ் விதி தருவது: கூட்டுத்தொகை மட்டும். அது எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைப் பற்றி அவ்விதி இங்கே வாய் திறப்பதில்லை.

பரவலை அறிய வேறொரு சிந்தனை தேவை. முதலில், எல்லையற்ற உலோகக் கட்டியில் அதே குழி, அதே இடத்தில் அதே மின்துகள் என்று கொள்க. குழியின் சுவரில் −q தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு, உலோகமெங்கும் துகளின் புலத்தை முற்றிலும் அழித்துவிடும். அடுத்து, குழியே இல்லாத 12 செ.மீ. உலோகக் கோளத்தின் மேல் +q இருப்பதாகக் கொள்க. அது சீராகப் பரவும். கோளத்துள் புலம் சுழி. இவ்விரு அமைப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நமது கூடு கிடைத்துவிடுகிறது. உலோகத்தில் புலம் சுழி. மொத்த மின்னூட்டமும் பொருந்துகிறது. நிலைமின்னியலில் இந்நிபந்தனைகளை நிறைவுசெய்யும் பரவல் ஒன்றே ஒன்றுதான் என்பதால், இதுவே விடை. துகளும் உட்பரப்பும் சேர்ந்து, குழிக்கு வெளியே எங்கும் ஒன்றையொன்று முழுமையாக மறைத்துவிடுகின்றன. வெளிப்பரப்பின் +q, உள்ளே எதுவும் இல்லாதது போலத் தன் போக்கில் அமைகிறது.

மாற்றமெல்லாம் உட்பரப்பில்தான். நம் எடுத்துக்காட்டில், துகளுக்கு மிக அருகான புள்ளியில் அடர்த்தி சராசரியைப் போல் 6 மடங்கு. நேரெதிர்ப் புள்ளியில் சராசரியின் ஒன்பதில் இரண்டு பங்கு. இரண்டுக்கும் இடையே 27 மடங்கு வேறுபாடு. துகளின் மீது அருகிலுள்ள சுவரை நோக்கி 0.8 மைக்ரோநியூட்டன் விசை செயற்படுகிறது. மையத்தில் இருந்தால் அவ்விசை சுழி. இத்தனைக்கும் வெளியே, கூட்டின் மையத்திலிருந்து 30 செ.மீ. தொலைவில் எத்திசையில் அளந்தாலும் புலம் மீட்டருக்கு 100 வோல்ட்தான். தொலைவை அளக்க வேண்டியது கூட்டின் மையத்திலிருந்து, துகளிலிருந்து அன்று.

பிம்ப முறையைக் கற்றவரும் இங்கே தடுமாறுவதுண்டு. இக்கணக்கில் பிம்ப மின்துகள் மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் −2 நானோகூலும். அப்படியானால் உட்பரப்பில் −2 அல்லவா தூண்டப்பட வேண்டும்? இல்லை. பிம்பம் குழிக்கு வெளியே நிற்கும் கற்பனை. குழிக்குள் இருக்கும் புலத்தைக் கணிக்க மட்டுமே அது உதவும். உட்பரப்பின் அடர்த்தியைத் தொகுத்தால் −1தான் வரும்.

பாடத்திட்டம் விரிந்தது, நேரம் குறைவு, தேர்வுக்கு −q, +q போதும் என்பார்கள். ஆனால் அதே தேர்வுகளே கூட்டைத் தரையிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கின்றன. வெளிப்பரப்பின் மின்னூட்டம் முழுவதும் மறையும். உட்பரப்பில் ஓர் அணுவளவும் மாறாது. இரு பரப்புகளும் தனித்தனி என்று உணர்ந்தவருக்கு இது கேள்வியே அன்று. உணராதவர் இன்னொரு விதியாக மனப்பாடம் செய்ய வேண்டும். வெளிப்பரப்பு கோளமாக இல்லாவிட்டாலோ, அருகில் வேறு மின்னூட்டம் இருந்தாலோ அங்கே சீர்மை கெடும். அதற்குக் காரணமும் வெளியில்தான் இருக்கும், குழிக்குள் இருக்காது.

ஃபாரடே 1843-இல் இதைப் பனிக்கட்டி வாளியைக் கொண்டு காட்டினார். வாளியின் உயரம் 10.5 அங்குலம், விட்டம் 7 அங்குலம். பட்டு நூலில் தொங்கிய மின்னேற்றப்பட்ட பித்தளைக் குண்டை உள்ளே இறக்கினார். குண்டு போதிய ஆழம் சென்றபின், வாளியின் வெளிப்புறத்தோடு இணைத்த மின்காட்டியின் இலைகள் விரிந்தபடியே நின்றன. குண்டை மேலும் இறக்கினாலும், அடியைத் தொடச்செய்தாலும் அசையவில்லை. தொட்டபின் வெளியே எடுத்த குண்டில் மின்னூட்டம் எஞ்சவில்லை.

கோட்டிங் பவுடரின் மின்னூட்டத்தை அளக்கும் கருவியும் அதே வாளிதான். காப்பிடப்பட்ட உலோகக் கலத்துக்குள் பவுடரைச் செலுத்தி, கலத்தின் மின்னூட்டத்தை அளந்து, பவுடரின் எடையால் வகுக்கிறார்கள். பவுடர் கலத்தின் அடியில் குவிந்ததா, சுவரில் ஒட்டியதா, ஒருபுறமாகச் சரிந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஒவ்வொரு துகளும் நடுவில் இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்றிருந்தால் அக்கருவியே பயனற்றுப் போயிருக்கும்.

ஆகவே பாடநூலின் முதல் படத்திலேயே மின்துகள் மையம் விலகி நிற்க வேண்டும். உட்பரப்பில் எதிர்க்குறிகள் ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் விலகியும், வெளிப்பரப்பில் நேர்க்குறிகள் சம இடைவெளியிலும் வரையப்பட வேண்டும். மையத்தில் வைத்த படம் அதன் தனிநிலையாகப் பின்னால் வரட்டும். ‘எவ்வளவு’ என்பதோடு நிற்காமல், ‘எங்கே, ஏன் அங்கே’ என்று மாணவரைக் கேட்க வைப்பது அந்த ஒரு மாற்றம்தான்.