நமது ஊர் வரலாற்று நூலை எந்த வரிசையில் எழுதுவது?



யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாற்றை நூலாக்கும் முயற்சி நடப்பது பலருக்கும் தெரியும். தகவல் சேர்ந்துவிட்டது. ஆனால் அத்தியாய வரிசையில் மூன்று மாதமாக இழுபறி. பெரியவர்கள் ஆண்டு வரிசை என்கிறார்கள். இளையவர்கள் வியாபாரம், கல்வி, பள்ளிவாசல் என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். கொழும்பில் இருக்கும் ஒரு சகோதரர், பிரச்சினையை முன்வைத்துத் தீர்வில் முடித்தால்தான் அதிகாரிகள் வாசிப்பார்கள் என்கிறார். என் கருத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். நமது குறிப்புகளில் உள்ள ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு அட்டையில் ஒரே வசனமாக எழுதினேன். வகுப்பறைத் தரையில் அவற்றை மூன்று விதமாகவும் பரப்பினேன். ஒரே அட்டை எத்தனை இடத்தில் தேவைப்படுகிறது என்று மட்டும்தான் பார்த்தேன்.

தலைப்பு வாரியாக அடுக்கியபோது 1990 ஒக்டோபர் 30 என்ற அட்டை எல்லா அத்தியாயத்திலும் வந்து நின்றது. கடைகள் அந்த நாளில் முடிகின்றன, பாடசாலை அந்த நாளில் முடிகிறது, தையல் வேலையும் அந்த நாளில் முடிகிறது. ஒலிபெருக்கி அறிவித்தலையும், ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னதையும், இரண்டு மணித்தியால அவகாசத்தையும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிவரும். முதல் தடவை வாசிப்பவர் அழுவார். நாலாவது தடவை பக்கத்தைப் புரட்டுவார்.

இன்னொரு சேதமும் உண்டு. எங்கள் உம்மம்மா போன்ற ஒருவரின் வாய்மொழியில் வீடு, கடை, பிள்ளையின் படிப்பு, போன பாதை எல்லாம் ஒரே மூச்சில் வரும். தலைப்பு வாரியாகப் பிரித்தால் அது நாலு துண்டாகிவிடும். அந்த மனுசி நூலில் எங்குமே முழுதாக இருக்க மாட்டார்.

ஆண்டு வரிசையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் முதல் அத்தியாயம் நமது பூர்வீகம். நம்மிடம் ஆதாரம் மிகக் குறைவாக இருப்பதும், சண்டை மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். நம் பலமான சாட்சியங்கள் இருநூறு பக்கத்துக்குப் பின்னால் கிடக்கும். அதைவிட, 1990க்குப் பிறகு காலம் ஒரே கோடாக ஓடவில்லை. புத்தளத்தில் முகாம் வாழ்க்கை, இங்கே ஆளில்லாத சோனகத் தெரு என இரண்டும் ஒரே ஆண்டுகளில் நடந்தவை. ஆண்டுப்படி எழுதினால் வாசகர் ஒரு பந்தி புத்தளம், ஒரு பந்தி யாழ்ப்பாணம் என்று அலைவார். வரைவில் "முன்னர் கூறியதுபோல", "இதைப் பின்னர் பார்ப்போம்" என்பவை அடிக்கடி வந்தால் வரிசை பிழை என்று அர்த்தம். நமது வரைவில் அவை அந்தப் பகுதியில்தான் குவிந்துகிடக்கின்றன.

பிரச்சினையில் தொடங்கித் தீர்வில் முடிப்பது அறிக்கைக்குப் பொருந்தும். 2011இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் அறிக்கையைப் பாருங்கள். மனித உரிமை ஒரு அத்தியாயம், காணியும் மீள்குடியேற்றமும் ஒரு அத்தியாயம், கடைசி ஒன்பதாம் அத்தியாயம் அவதானிப்புகளும் பரிந்துரைகளும். அதிகாரி நேரே கடைசிக்குப் போய்விடலாம். அறிக்கைக்கு அது வசதி. ஆனால் நமது நூலை அப்படிக் கட்டினால் மீள்குடியேற்றத்துக்கு உதவாத எதற்கும் இடமிருக்காது. கல்யாண வீட்டுச் சாப்பாடும் பெருநாள் மாலையும் எந்தப் பிரச்சினைக்குக் கீழே வரும்? தீர்வு அத்தியாயமும் சீக்கிரம் பழசாகிவிடும். சுற்றறிக்கை ஒன்று மாறினால் போதும்.

அதனால் நான் சொல்வது கலப்பு வரிசை. முதல் அத்தியாயம் அந்த ஒரு நாள். சாவகச்சேரி முஸ்லிம்கள் இரண்டு வாரம் முன்னரே வெளியேற்றப்பட்டதைச் சொல்லித் தொடங்கி, ஒக்டோபர் 30 மாலையோடு நிறுத்த வேண்டும். அடுத்த ஐந்து அத்தியாயங்கள் தலைப்பு வாரியாக 1990 வரையான வாழ்க்கை. ஒவ்வொன்றும் அந்த நாளின் வாசலில் நிற்கட்டும், உள்ளே போகவேண்டாம். வாசகருக்கு ஏற்கனவே தெரியும். பூர்வீகம் இதில் கடைசியாக வரட்டும். அதற்குப் பிறகு ஆண்டு வரிசை. 1990 முதல் 2002 வரை புத்தளத்துக்கு ஒரு அத்தியாயம், யாழ்ப்பாணத்துக்கு ஒரு அத்தியாயம். 2002 போர்நிறுத்தத்தில் முதலில் திரும்பியவர்களோடு இரண்டும் சேரும். வாய்மொழிகளை வெட்டாமல், அத்தியாயங்களுக்கு நடுவே முழுதாகப் போடலாம். காணி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு எல்லாம் தனிச் சிறு கைநூலாக வரட்டும். வருடாவருடம் திருத்தலாம்.

இதில் ஒரு குறை இருக்கிறது. முதலில் இழப்பை வைத்தால், பின்னால் வரும் சந்தோஷமான பக்கங்களிலும் அதன் நிழல் விழும். இந்தக் காரணத்துக்காகவே ஒரு மூத்த ஆசிரியர் எதிர்க்கிறார். "எங்கட சனம் ஒரு நாளில பிறந்தவங்க இல்ல, தம்பி" என்றார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பூர்வீகத்தை முன்னுக்கு எடுத்து, அதைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்க அவர் சம்மதித்தால் நானும் இறங்கிவருவேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அட்டைகளைக் கொண்டுவருகிறேன். வாற ஆக்கள் நீங்களே ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.