இருபத்தேழிலிருந்து நான்கு கட்டம்

தில்லியின் ஒரு குடியிருப்புப் பகுதியில், சமுதாயக் கூடத்தில் நடைபெறும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாயில் தாயும் ஆறு வயது மகளும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். நடுவே நூறு கட்டங்கள் கொண்ட தாள், ஒரு பகடை, இரண்டு புளியங்கொட்டைகள். மகளின் காய் 27-இல் நிற்கிறது; பகடையில் நான்கு விழுகிறது. ‘ஏக், தோ, தீன், சார்’ என்று சொல்லிக்கொண்டே அவள் காயை 31-இல் வைக்கிறாள். ஆட்டத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த நகர்வில் அவள் சொன்னவை அவளுக்கு முன்பே தெரிந்த நான்கு சொற்கள் மட்டுமே. 28, 29, 30, 31 என்னும் எண்களை அவள் கடந்தாளேயன்றி, சொல்லவில்லை.

சீக்லரும் ராமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வருவாய் குறைந்த குடும்பங்களின் மழலையர், ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட நேர்க்கோட்டுப் பலகையில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் விளையாடினர். அவர்களது எண்ணறிவு உயர்ந்தது. அதே போன்ற ஆட்டத்தை, எண்களுக்கு மாறாக வண்ணங்களின் பெயர் சொல்லி ஆடியவர்களிடம் அவ்வுயர்வு இல்லை. லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் நூறு கட்டப் பலகையைக் கொண்டு மேலும் நுணுகிப் பார்த்தனர். காய் நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகள் பயனடைந்தனர். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கியோர் அவ்வாறு பயனடையவில்லை. பலகையை வழங்கிவிட்டால் பணி முடிந்தது எனக் கருதும் பட்டறை அமைப்பாளர்கள் இவ்விரு முடிவுகளையும் மறந்துவிடுகின்றனர். வண்ண அட்டையில் அச்சிட்ட விளையாட்டுப் பெட்டி, பேச்சில்லாத வீட்டில் பரணுக்குத்தான் போகும்.

ஆக, தாய் செய்ய வேண்டியது ஒன்றே: ‘27-இல் நிற்கிறாய், அடுத்தது என்ன?’ என்று கேட்டு, 28-இலிருந்து உரக்கச் சொல்லவைப்பது. இங்குதான் மொழி குறுக்கே வருகிறது. இந்தியில் 28 அட்டாயீஸ். 29 உன்தீஸ், அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. எழுத்தில் இருபதின் வரிசையில் நிற்கும் எண், ஒலியில் முப்பதின் வீட்டுக்குப் போய்விடுகிறது. குழந்தை அங்கே திகைப்பது அறிவுக்குறைவன்று. சொல்லின் அமைப்பே அத்தகையது. பக்கத்துப் பாயில் தமிழ்க் குடும்பம் இருந்தால் ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது’ என்று தடையின்றி ஓடும். ஆனால் எண்பத்தொன்பதுக்குப் பின் தொண்ணூறு வரும்போது, நூறு ஏன் இங்கே ஒலிக்கிறது என்று அந்தக் குழந்தையும் நின்றுவிடும்.

இச்சிக்கலைக் காணும் அமைப்பாளர்கள் சிலர் ஆங்கில எண்களையே சொல்லுமாறு தாய்மாரைப் பணிக்கின்றனர். பள்ளி கேட்பது அதைத்தானே என்பது அவர்கள் வாதம். இது தவறான பரிகாரம். காய்கறிக் கணக்கையும் பால் கணக்கையும் தன் மொழியில் நொடியில் கூட்டும் பெண், ஆங்கிலத்தில் இருபதைத் தாண்டியதும் தயங்குகிறார். பிள்ளையின் முன் தவறிவிடக் கூடாதென்று வாய்மூடிக் காயை நகர்த்துகிறார். பேச்சை வளர்க்க அழைத்த இடத்திலேயே பேச்சு நின்றுபோகிறது. உன்தீஸுக்கும் பள்ளியின் ஆங்கிலச் சொல்லுக்கும் பாலமாவது கட்டத்தில் எழுதியுள்ள 29 என்னும் குறியே. தாய் தம் மொழியில் சொல்ல, பிள்ளை கட்டத்தைத் தொட்டுப் பள்ளியில் கற்ற பெயரைச் சொன்னால் போதும். எழுத்தறியாத தாயும் இதில் தோற்பதில்லை.

பலகையின் அமைப்பும் பொருட்டாகும். கடையில் கிடைக்கும் பரமபதத்தில் வரிசைகள் வளைந்து திரும்புகின்றன. 17-க்கு நேர் மேலே 24 இருக்கும். எல்லா வரிசையும் இடமிருந்து வலமாக ஓடும்படி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கோடிட்டால் 17-க்கு மேல் 27 வரும். பத்து என்பது ஒரு படி என்பது கண்ணுக்கே தெரியும். பாம்பும் ஏணியும் வேறொரு நாளுக்கு இருக்கட்டும்.

விளையாட்டின் எல்லையையும் மறைக்கலாகாது. தில்லியின் முன்பள்ளிகளில் நடந்து 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், நான்கு மாத எண், வடிவ விளையாட்டுகளால் பிள்ளைகள் பெற்ற உள்ளுணர்வுத் திறன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. ஆயினும் பள்ளிக் கணக்கில் அந்த மேம்பாடு தொடரவில்லை. சொல்லோடும் குறியோடும் இணைக்கப்படாத உள்ளுணர்வு தானாகப் பாடத்துக்குள் நுழைவதில்லை என்றே இதனைப் பொருள்கொள்ளத் தோன்றுகிறது.

பட்டறை வீடு சென்றதா என்பதை அறிய வருகைப் பதிவேடு உதவாது. சில வாரங்கள் கழித்து, 46-இன் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து எண்ணை மறைத்து, அது என்னவென்று கேட்கலாம். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் பிள்ளையின் வீட்டில் பலகை இன்னும் மௌனமாகவே இருக்கிறது. 45-ஐயோ கீழே உள்ள 36-ஐயோ பார்த்துவிட்டுப் பதில் சொல்லும் பிள்ளையின் வீட்டில் யாரோ ‘அடுத்தது என்ன?’ என்று கேட்டிருக்கிறார்கள்.