17 நாள் கணக்கு

1/ காரிமங்கலத்துல கடை வேலைக்குப் போற ஒரு அம்மான்னு வச்சுக்குங்க. பிள்ளைக்கு தலசீமியா. 3 வாரத்துக்கு ஒருமுறை தர்மபுரி போய் ரத்தம் ஏத்தணும். ரத்தம் ஏறவே 3, 4 மணி நேரம். கிராஸ் மேட்ச், காத்திருப்பு, பஸ் எல்லாம் சேர்த்தா ஒரு முழு நாள் போயிடும்.

2/ அப்படிப் பார்த்தா வருஷத்துக்கு 17 நாள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி தற்செயல் விடுப்பு 12 நாள் உண்டு. ஆக, பேசித் தீர்க்க வேண்டியது 5 நாள்தான். 'அடிக்கடி லீவு' என்று முகம் சுளிக்கிற முதலாளிகிட்ட இந்தக் கணக்கைச் சொல்லுங்க. அந்த 5 நாளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையோ, கூடுதல் நேரமோ ஈடா கேட்கலாம்.

3/ முந்தின நாள் ராத்திரி போன்ல கேட்காதீங்க. ஆறு மாசத் தேதிகளை ஒரே கடிதத்துல கொடுத்துடுங்க. ஹீமோகுளோபின் சீக்கிரம் இறங்கினா 2, 3 நாள் முன்னாடியே போக வேண்டிவரும். அதையும் அதுலயே எழுதுங்க.

4/ 2024 ஏப்ரலில், எலும்பு நோயுள்ள மகனுக்காக இமாச்சலக் கல்லூரிப் பேராசிரியை தொடுத்த வழக்கில், பெண்கள் வேலையில் இருப்பது சலுகை அல்ல, அரசியலமைப்பு உரிமை என்றது உச்ச நீதிமன்றம். ஆனா அது அரசு ஊழியர் விடுப்பு வழக்கு. நம்ம ஜவுளிக்கடைக்கு அப்படியே பொருந்தாது.

5/ எங்க பக்கமும் தப்பு இருக்கு. 'சிகிச்சையில் உள்ளார்'னு மட்டும் எழுதித் தர்ற சீட்டை வச்சு முதலாளி என்ன முடிவெடுப்பார்? 'மூன்று வாரத்துக்கு ஒரு முழு நாள், பெற்றோர் உடனிருக்க வேண்டும்' என்று எழுதச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.