இருதயம் நின்றதா? அது யாருக்கு நிற்கவில்லை?

‘இருதயம் நின்றதால் மரணம்.’ மருத்துவச் சான்றிதழில் இப்படி எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். நாம் கேட்கிறோம்: இருதயம் நிற்காமல் செத்தவன் யார்? அது சாவின் அடையாளமே ஒழியக் காரணமல்ல.

உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழில் முதற் பாகத்தின் மேல் வரியில் கடைசியாக நேர்ந்த கேடு வரவேண்டும். அதன் கீழே அதற்குக் காரணமானது. அதற்கும் கீழே அதன் காரணம். எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோயே அடிவரி. அரசாங்கக் கணக்கு பொதுவாக அந்த அடிவரியைத்தான் சாவின் மூலகாரணமாக எடுக்கிறது. உதவியாக நின்ற வேறு நோய்கள் இரண்டாம் பாகத்துக்குரியவை.

எடுத்துக்காட்டாக, செபராங் ஜெயா வட்டாரத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்வோம். காலில் வெடிப்பு, மழைநீர் தேங்கிய காட்டில் மரம் சீவுகிறார். எலி மூத்திரம் கலந்த நீரால் எலிக்காய்ச்சல், நம்மவர் வாயில் ‘கென்சிங் தீக்குஸ்’, பற்றுகிறது. ஆறாம் நாள் சிறுநீரகம் செயலிழக்கிறது. பத்தாம் நாள் சாவு. எட்டாண்டாக இனிப்புநீரும் உண்டு.

சரியான எழுத்து இது: மேல்வரி, சிறுநீரகச் செயலிழப்பு, 4 நாள். அடிவரி, எலிக்காய்ச்சல், 10 நாள். இரண்டாம் பாகம், இனிப்புநீர், 8 ஆண்டு.

தவறான எழுத்து இது: இருதயம் நின்றது; கீழே சிறுநீரகச் செயலிழப்பு; அடியில் இனிப்புநீர். காய்ச்சலைக் காணோம்! கணக்கில் அவர் இனிப்புநீரால் செத்தவர். எலியும் தப்பியது, தேங்கிய நீரும் தப்பியது. ‘சீனியைக் குறைத்திருக்கலாமே’ என்று பழி செத்தவன் தலையில் விழுந்தது. சொக்சோவிடம் தொழில்நோய் என்று முறையிடப்போகும் விதவையின் கையிலோ அவளுக்கே எதிரான தாள்!

கிராணிமார்களே, சோதிக்கும் வழி எளிது. அடியிலிருந்து மேலே, ‘இதனால் இது வந்தது’ என்று படியுங்கள். கீழ்வரியின் காலம் மேல்வரியைவிடக் குறைந்திருந்தால் வரிசை புரண்டிருக்கிறது. ஆனால் மேற்சொன்ன தவறு இச்சோதனையிலும் தேறிவிடும். எட்டாண்டு நான்கு நாளைவிட நீண்டதல்லவா? ஆகவே இன்னொன்றும் கேளுங்கள்: பத்து நாளுக்கு முன்புவரை வேலை செய்தவரை வீழ்த்தத் தொடங்கியது எது? சிறுநீரகம் பல்லாண்டாக இனிப்புநீரால் கெட்டு வந்திருந்தால் இனிப்புநீர் அடிவரிக்கு வருவது நியாயம். திடீரென்று கெட்டதற்கு அந்த நியாயம் செல்லாது.

‘இரத்தச் சோதனை முடிவு வரவில்லையே’ என்பார்கள். மருத்துவரின் தீர்ப்பு அதுவானால், ‘எலிக்காய்ச்சலாக இருக்கலாம்’ என்று எழுத இடமுண்டு. சோதனைக்காக வரியை வெறுமையாக விடவேண்டியதில்லை.

1920களிலேயே கோலாலம்பூரில் டாக்டர் பிளெட்சர் இந்நோயை மலாயாவில் அடையாளம் கண்டார். 2010 முதல் மலேசியாவில் இது அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய். தெரியாத நோய் என்ற சாக்கு எடுபடாது.

தோழர்களே! காய்ச்சல் கண்ட தேதியையும், நின்று வேலை செய்த இடத்தையும் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் முதல்நாளே சொல்லுங்கள். மருத்துவர்களிடம் நாம் சலுகை கேட்கவில்லை. நடந்ததை, நடந்த வரிசையில் எழுதுங்கள் என்கிறோம்.